தண்ணீர் மீட்டர் தப்பாகக் காட்டினால் பில்லைத் திருத்த வைப்பது எப்படி

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் தண்ணீர் பில்லை நாம் யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. தொகை வழக்கம்போல இருந்தால் கட்டிவிட்டு மறந்துவிடுவோம். எங்கள் வீட்டுக்கு ஒரு தடவை 124 கிலோ லிட்டர் என்று பில் வந்தபோதுதான் முதல்முறையாக மீட்டர் பெட்டியைத் திறந்து குனிந்து பார்த்தேன். வழக்கமாக எங்களுக்கு 22 முதல் 26 வரைதான் வரும். நாலு பேர் உள்ள வீடு. தோட்டம் கிடையாது, வாடகைக்குக் குடியிருப்பவர்களும் கிடையாது.

நாங்கள் இருப்பது கொங்குப் பக்கத்தில் ஒரு மாநகராட்சி. நாலு நாளைக்கு ஒருமுறை இரண்டு மணி நேரம் தண்ணீர் விடுவார்கள். சம்ப்பில் பிடித்து, மோட்டார் போட்டு மேல்தொட்டிக்கு ஏற்றிக்கொள்வோம். தமிழ்நாட்டில் மீட்டர் வைத்துக் கட்டணம் வாங்கும் ஊர்களில் பெரும்பாலும் இதே கதைதான் என்பதால், நான் செய்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன். அலுவலக நடைமுறை ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறலாம். மீட்டரும் கணக்கும் எங்கேயும் ஒன்றுதான்.

முதலில் மீட்டரைப் படிக்கத் தெரிய வேண்டும்

வீட்டு மீட்டரின் முகப்பில் வரிசையாகக் கறுப்பு எண்கள் இருக்கும். அவைதான் கிலோ லிட்டர். ஒரு கிலோ லிட்டர் என்றால் ஆயிரம் லிட்டர், பில்லில் ‘யூனிட்’ என்று போடுவதும் அதைத்தான். அதற்குக் கீழே சிவப்பு முள் வைத்த குட்டி வட்டங்கள் இருக்கும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ×0.1, ×0.01, ×0.001 என்று எழுதியிருக்கும். ×0.1 வட்டத்தில் முள் ஒரு கோடு நகர்ந்தால் 100 லிட்டர், ×0.01 வட்டத்தில் 10 லிட்டர், ×0.001 வட்டத்தில் ஒரு லிட்டர். நடுவில் நட்சத்திரம் மாதிரி ஒரு சின்னச் சக்கரம் இருக்கும். மீட்டர் வழியாகத் துளி நகர்ந்தாலும் அது சுற்றும்.

பில் கையில் கிடைத்த அன்றே மீட்டரைப் பார்த்து, பில்லில் உள்ள ‘தற்போதைய அளவு’ என்ற எண்ணோடு ஒப்பிடுங்கள். மீட்டரில் இன்று உள்ள எண் பில்லில் உள்ளதை விடக் குறைவாக இருந்தால் மீட்டரில் கோளாறு இல்லை, எழுதியவர் தப்பாக எழுதியிருக்கிறார். கண்ணாடி மங்கிப்போய் 5ஐ 6 என்று எழுதுவதும், சிவப்பு எண்ணையும் சேர்த்து எழுதிவிடுவதும் நடக்கிறதுதான். ஒரு போட்டோவைக் காட்டினால் அலுவலகத்தில் அன்றைக்கே திருத்திக் கொடுக்க முடியும். அப்படி இருந்தால் இந்தக் கட்டுரையின் மீதி உங்களுக்குத் தேவைப்படாது.

எங்கள் பில்லில் முந்தைய அளவு 486, தற்போதைய அளவு 610 என்று இருந்தது. மீட்டரில் 613 இருந்தது. ஆக, எழுதியவர் மேல் தப்பில்லை. மீட்டரே அப்படித்தான் காட்டிக்கொண்டிருந்தது.

கசிவா, மீட்டரா?

அலுவலகத்தில் உங்களிடம் கேட்கப்போகும் முதல் கேள்வி, “வீட்டுல எங்கயாவது லீக் இருக்கா பார்த்தீங்களா?” என்பதுதான். நியாயமான கேள்வி. அதனால் அதற்குப் பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு போங்கள்.

தண்ணீர் வராத நேரத்தில் இந்தச் சோதனையைச் செய்து பயனில்லை, குழாயில் அழுத்தம் இருக்காது. தண்ணீர் விடுகிற நாளில், சம்ப்புக்குள் தண்ணீர் விழும் இடத்தில் உள்ள வால்வை மூடுங்கள். அதே லைனில் வேறு குழாய் இருந்தால் அதையும் மூடுங்கள். இப்போது நட்சத்திரச் சக்கரம் அசையாமல் நிற்க வேண்டும். சுற்றினால் மீட்டருக்கும் சம்ப்புக்கும் நடுவே மண்ணுக்குள் குழாய் உடைந்திருக்கிறது என்று அர்த்தம், பிளம்பரைக் கூப்பிட வேண்டியதுதான். அப்புறம் சம்ப்பில் மிதவை வால்வு சரியாக மூடுகிறதா, தண்ணீர் வழிந்து சாக்கடைக்குப் போகிறதா என்றும் பாருங்கள். மேல்தொட்டியில் இருந்து கழிவறைக்குப் போகும் லைனில் ஒழுகினாலும் அந்தத் தண்ணீரும் சம்ப்பில் இருந்துதான் போக வேண்டும்.

எங்கள் வீட்டில் வால்வை மூடியதும் சக்கரம் நின்றுவிட்டது. மிதவை வால்வும் சரியாக இருந்தது.

அடுத்தது, மீட்டர் எவ்வளவு சரியாக அளக்கிறது என்று பார்ப்பது. 20 லிட்டர் வாளி ஒன்றை எடுத்து, மீட்டருக்குப் பக்கத்துக் குழாயில் ஐந்து வாளி பிடியுங்கள். முன்னும் பின்னும் வட்டங்களைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். 100 லிட்டருக்கு ×0.01 வட்டத்தின் முள் சரியாக ஒரு முழுச் சுற்று வர வேண்டும். வீட்டு மீட்டருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 779, வழக்கமான ஓட்டத்தில் கூடக் குறைய இரண்டு சதவீதம் பிழையை அனுமதிக்கிறது. நம் வாளி அளவிலும் கொஞ்சம் முன்பின் இருக்கும். 95க்கும் 105க்கும் நடுவே வந்தால் அதை வைத்து வாதாடாதீர்கள். 130, 140 என்று வந்தால் அது பெரிய ஆதாரம்.

எங்களுக்கு வந்தது 101. அன்றைக்கு நான் சோர்ந்துபோனேன். மீட்டர் சரியாக இருக்கிறது, நாம்தான் எங்கேயோ தண்ணீரை விட்டிருக்கிறோம் என்று வீட்டில் எல்லோரும் முடிவுக்கு வந்துவிட்டோம். அது தப்பான முடிவு. எப்படி என்று சொல்கிறேன்.

எந்தக் கோளாறில் மீட்டர் கூடக் காட்டும்?

“மீட்டர் பழசானா குறைச்சுத்தான் காட்டும், கூடக் காட்டாது” என்று அலுவலகத்தில் சொல்வார்கள். பெரும்பாலும் அது உண்மை. உள்ளே சுற்றும் பிளாஸ்டிக் சக்கரம் தேய்ந்தால் மெதுவாகத்தான் சுற்றும். ஆனால் கூடக் காட்ட வைக்கிற கோளாறுகளும் இருக்கின்றன. அவற்றின் பேரைச் சொல்லிக் கேட்டால்தான் காது கொடுத்துக் கேட்பார்கள்.

ஒன்று காற்று. விட்டுவிட்டுத் தண்ணீர் வரும் ஊரில், நாலு நாளாகக் காலியாகக் கிடந்த குழாயில் தண்ணீர் ஏறும்போது முன்னால் இருக்கிற காற்றைத் தள்ளிக்கொண்டு வரும். அந்தக் காற்று மீட்டரை விர்ரென்று சுற்றிவிடும். தெருக் கடைசியில் இருக்கும் வீடுகளுக்கும் மேட்டில் இருக்கும் வீடுகளுக்கும் இது அதிகம். தண்ணீர் வருவதற்கு ஐந்து நிமிடம் முன்பே மீட்டர் பக்கத்தில் நின்று பாருங்கள். புஸ்ஸென்ற சத்தத்தோடு, சொட்டுத் தண்ணீர் வராமலேயே சக்கரம் சுற்றினால் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். மீட்டரைப் பட்டறைக்குக் கொண்டுபோய்ச் சோதித்தால் இந்தக் குறை தெரியவே தெரியாது, அங்கே காற்று இல்லையே. இதற்குத் தெருக் குழாயில் ஏர் வால்வு வைப்பதுதான் வழி. மனுவிலும் அதைத்தான் கேட்க வேண்டும்.

இன்னொன்று அடைப்பு. தண்ணீர் உள்ளே நுழையும் வலையிலோ துளைகளிலோ மண்ணும் துருவும் சேர்ந்தால், மிச்சம் இருக்கிற துளை வழியாகத் தண்ணீர் வேகமாகப் பீய்ச்சி அடித்துச் சக்கரத்தைக் கூடுதலாகச் சுற்றிவிடும். இது வாளிச் சோதனையிலேயே தெரிந்துவிடும்.

மூன்றாவது, எண் சக்கரம் தாவுவது. எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். வலது ஓரச் சக்கரம் 9ல் இருந்து 0க்குப் போகும்போது ஒரு சின்னப் பல்சக்கரம் அடுத்த எண்ணை ஒரு இடம் தள்ளிவிடும். அந்தப் பல் உடைந்தோ தளர்ந்தோ போனால் ஒன்றுக்குப் பதில் இரண்டு இடம் தாவிவிடும். எங்கள் பழைய அளவு 486. வழக்கம்போல 24 யூனிட் ஓடியிருந்தால் 510 வந்திருக்க வேண்டும். வழியில் 499ல் இருந்து 500க்கு மாறும் இடம் ஒன்று வருகிறது. அங்கே நூறாம் இடத்துச் சக்கரம் 4ல் இருந்து 5ல் நிற்காமல் 6க்குப் போய்விட்டது. 510 என்று காட்ட வேண்டியது 610 ஆகிவிட்டது.

இதைக் கண்டுபிடித்தது என் அண்ணி. பழைய பில்களைத் தரையில் பரப்பிப் பார்த்துக்கொண்டிருந்தவர், “124ல நூறைக் கழிச்சா எப்பவும் வர்ற 24தானே?” என்றார். ஓடிப்போய் டார்ச் அடித்துப் பார்த்தோம். மற்ற எண்கள் ஒரே வரிசையில் நேராக நிற்க, 6 மட்டும் கால்வாசி கீழே இறங்கி, ஜன்னலின் அடி விளிம்பில் ஒட்டிக்கொண்டு நின்றது. வழக்கமான அளவை விடக் கூடியது சரியாக 10 ஆகவோ 100 ஆகவோ இருந்தால், முதலில் இந்தச் சக்கரங்களைப் பாருங்கள். சக்கரம் தாவும் அந்த ஒரு கணத்தைத் தவிர மீட்டர் ஒழுங்காகத்தான் ஓடும். அதனால்தான் வாளிச் சோதனையில் 101 வந்தது.

மறுக்க முடியாத கணக்கு

இவ்வளவும் தெரிந்தாலும் அலுவலகத்தில் நம்ப வைக்க ஒரு எளிய கணக்கு வேண்டும். நான் செய்தது இது. தண்ணீர் முழு வேகத்தில் வரும்போது சம்ப் வாயில் 20 லிட்டர் வாளியைப் பிடித்து நேரம் பார்த்தேன். நிரம்ப 48 நொடி ஆனது. அப்படியானால் ஒரு மணி நேரத்துக்கு 1,500 லிட்டர். இரண்டு மாதத்தில் தண்ணீர் விட்டது 15 நாள், நாளைக்கு இரண்டு மணி நேரம், மொத்தம் 30 மணி நேரம். குழாயை ஒரு நொடிகூட மூடாமல் சாக்கடையிலேயே விட்டிருந்தாலும் 45 கிலோ லிட்டருக்கு மேல் எங்கள் வீட்டுக்குள் வந்திருக்க முடியாது. பில்லில் இருப்பது 124.

தண்ணீர் விட்ட தேதிகளை வீட்டுக் காலண்டரில் குறித்து வைத்திருந்தோம், அது உதவியது. குறிக்காதவர்கள் தண்ணீர் திறந்துவிடும் வால்வுமேனிடம் கேட்டுக்கொள்ளலாம்.

மனு

வாயால் சொல்லிவிட்டு வந்தால் எதுவும் நகராது. எழுத்தில், இரண்டு பிரதியாகக் கொண்டுபோங்கள். ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆணையர் பெயருக்கு எழுதி, உங்கள் மண்டலத்தில் குடிநீர் பார்க்கும் உதவிப் பொறியாளர் வழியாக என்று போடலாம். நான் எழுதியது ஏறத்தாழ இப்படி:

“எங்கள் குடிநீர் இணைப்புக்கு இந்தப் பில்லில் 124 கி.லி. பயன்பாடு எனப் பதிவாகியுள்ளது (முந்தைய அளவு 486, தற்போதைய அளவு 610). கடந்த ஆறு பில்களின் சராசரி 24 கி.லி. எங்கள் குழாயில் மணிக்கு 1,500 லிட்டர் வருகிறது. இக்காலத்தில் 30 மணி நேரம் மட்டுமே குடிநீர் விநியோகிக்கப்பட்டது. எனவே 45 கி.லிட்டருக்கு மேல் பயன்படுத்த வாய்ப்பில்லை. மீட்டரின் நூறாம் இட எண் சக்கரம் வரிசை பிசகி நிற்கிறது. ஆகவே, என் முன்னிலையில் நேரில் ஆய்வு செய்யவும், மீட்டரின் எண் சக்கரங்களையும் சேர்த்துச் சோதிக்கவும், முந்தைய சராசரிப்படி பில்லைத் திருத்தித் தரவும், முடிவு தெரியும்வரை இணைப்பைத் துண்டிக்காமல் இருக்கவும் கேட்டுக்கொள்கிறேன்.”

இணைப்பு எண்ணும் மீட்டர் எண்ணும் மேலே தனியாக இருக்கட்டும். பழைய பில்களின் நகல், தேதி தெரியும் மீட்டர் போட்டோக்கள், இவ்வளவு போதும். “அநியாயம்”, “கொள்ளை” என்றெல்லாம் எழுத வேண்டாம். அந்தத் தாள் நாலைந்து மேசை தாண்டிப் போக வேண்டும். ஒவ்வொரு மேசையிலும் படிப்பவருக்கு எண்கள் மட்டும் கண்ணில் பட்டால் வேலை வேகமாக நடக்கும்.

பில்லில் எது குடிநீர்க் கட்டணம், எது குடிநீர் வரி என்று பார்த்துக்கொள்வதும் நல்லது. சொத்து வரியோடு சேர்ந்து வரும் குடிநீர் வரிக்கும் மீட்டருக்கும் சம்பந்தமில்லை. நாம் மறுப்பது மீட்டர் அளவுப்படி வரும் கட்டணத்தை மட்டும்தான்.

முடிவு வரும்வரை ஒன்றுமே கட்டாமல் இருந்துவிடாதீர்கள். பழைய சராசரித் தொகையைக் கட்டத் தயார் என்று மனுவிலேயே எழுதி, கவுன்ட்டரில் வாங்கிக்கொண்டால் கட்டி ரசீது வாங்குங்கள். பாதித் தொகை வாங்க மாட்டோம் என்றால், அதையும் தேதி போட்டு இன்னொரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். இணைப்பைத் துண்டிக்கும் பட்டியலில் பெயர் வந்தால் கையில் காட்ட அது வேண்டும்.

ஆய்வுக்கு வரும் நாள்

மனு கொடுத்த ஒன்பதாம் நாள் உதவிப் பொறியாளரும் பிட்டர் ஒருவரும் வந்தார்கள். பிட்டர் வாளி கேட்டார், நாங்கள் செய்த அதே சோதனையைச் செய்தார். “சரியாத்தானே சார் ஓடுது” என்று எழுந்துவிட்டார். எதிர்பார்த்ததுதான். நான் டார்ச்சைக் கொடுத்து, “நூறாவது நம்பரை மட்டும் பாருங்க அண்ணா, மத்ததோட ஒட்டாம நிக்குது” என்றேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு மீட்டரை விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். 6 லேசாக ஆடியது. பொறியாளரே குனிந்து பார்த்தார். கழற்றிச் சோதிக்க எழுதிக்கொண்டார்கள்.

இந்த இடத்தில் மிகவும் கவனமாக இருங்கள். மீட்டரை நீங்களோ உங்கள் பிளம்பரோ ஒருபோதும் கழற்றக் கூடாது. ஈயச் சீல் அறுந்தால் அத்தோடு உங்கள் பக்கத்து நியாயம் போய்விடும், மீட்டரில் கை வைத்ததாக உங்கள் மேலேயே புகார் திரும்பும். அவர்கள் கழற்றும்போதும் பழைய மீட்டரின் எண், அது கடைசியாகக் காட்டிய அளவு, புது மீட்டரின் எண், அதன் தொடக்க அளவு ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். சீல் அறுபடாமல் இருப்பதைக் கழற்றுவதற்கு முன்பே போட்டோ எடுங்கள். பழைய மீட்டர் எந்த எழுத்தும் இல்லாமல் சாக்குக்குள் போய்விட்டால் ஆதாரமும் அதோடு போய்விடும். புது மீட்டரின் தொடக்க அளவைக் குறிக்காமல் விட்டால், அடுத்த பில்லில் பழைய மீட்டர் எண்ணோடு புது எண்ணைக் கழித்து இன்னொரு குழப்பம் வரும்.

புது மீட்டரை நாமே வாங்கித் தர வேண்டிய ஊர்களும் இருக்கின்றன. அப்படியானால் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதை, அலுவலகம் ஏற்கும் வகைதானா என்று கேட்டு வாங்குங்கள். பொருத்திச் சீல் வைப்பது அவர்கள் வேலை.

எங்கள் மீட்டரைத் திறந்தபோது பல்சக்கரத்தில் ஒரு பல் முறிந்திருந்தது. அதை எழுதிக் கொடுத்தார்கள். முந்தைய பில்களின் சராசரிப்படி 24 யூனிட்டுக்குக் கட்டணத்தைத் திருத்தச் சொல்லி உத்தரவும் வந்தது.

பதிலே வராவிட்டால்

மூன்று வாரம் பார்த்தும் யாரும் வரவில்லை என்றால், 1100க்கு அழைத்து முதல்வரின் முகவரித் துறையில் பதிவு செய்யுங்கள். மனுவின் தேதியைச் சொல்லிப் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்திலும் அதே மனுவின் நகலைக் கொடுக்கலாம்.

என் அனுபவத்தில் இதைவிட வேலை செய்வது தகவல் உரிமை மனு. பத்து ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். “ஏன் எனக்குப் பில் கூடியது?” என்று கேட்டால் பதில் வராது, ஏனென்றால் அது ஆவணம் இல்லை. என் இணைப்புக்குக் கடந்த மூன்று ஆண்டுகளில் பதிவான மீட்டர் அளவுகளின் நகல், என் மனு மேல் எடுத்த நடவடிக்கைக் குறிப்பின் நகல், பழுதான மீட்டருக்குக் கட்டணம் நிர்ணயிக்கும் விதியின் நகல் என்று தாள்களைக் கேளுங்கள். கோப்பைத் தேடி எடுக்கும்போதே பல நேரம் வேலை முடிந்துவிடும்.

அதுவும் நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கட்டணம் வாங்கிக்கொண்டு தரும் குடிநீர் ஒரு சேவை என்ற அடிப்படையில் அங்கே போகலாம். காரணம் எழுந்த நாளில் இருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். இவ்வளவு சிறிய தொகைக்கு அங்கே மனுக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. முத்திரை வாங்கிய அந்த மனுப் பிரதிதான் அங்கேயும் முதல் ஆதாரம்.

உத்தரவு வந்த பிறகு

தாளில் உத்தரவு வந்துவிட்டது என்று நாங்கள் நிம்மதியாக இருந்தோம். அடுத்த பில்லில் பழைய தொகை அப்படியே ‘நிலுவை’ என்ற பெயரில் வந்து நின்றது. உத்தரவு பொறியியல் பிரிவில் இருந்தது, கம்ப்யூட்டரில் கணக்கை மாற்றுவது வருவாய்ப் பிரிவின் வேலை. ஒரு மேசையில் இருந்து இன்னொரு மேசைக்கு அந்தத் தாள் போயிருக்கவில்லை. நகலை எடுத்துக்கொண்டு போய் வருவாய் உதவியாளரிடம் கொடுத்து, பக்கத்திலேயே நின்று திருத்த வைத்தேன். உங்களுக்கு உத்தரவு கிடைத்ததும் ஒரு வாரம் கழித்து tnurbanepay.tn.gov.in தளத்தில் உங்கள் இணைப்பு எண்ணைப் போட்டு, நிலுவை என்ன காட்டுகிறது என்று பாருங்கள். தொகை மாறியிருந்தால் அந்தப் பக்கத்தை அச்செடுத்து உத்தரவோடு சேர்த்து வைத்துவிடுங்கள். மாறாமல் இருந்தால் அடுத்த பில் அடிப்பதற்குள் நேரில் போய்விடுங்கள்.